எண் ஏறக் கூடாது

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்றல் பாலைப் பொங்க விட்டுவிட்டாள்.

பொங்கிய பால் அடுப்பை அணைத்து, மேடையில் வழிந்து, அவள் புடவை ஓரத்தை நனைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி, சந்துக்குள் இருக்கிற அந்தச் சின்ன காபிக் கடையில் தினமும் முதல் பால் காய்ச்சுவது அவள்தான். கண்ணை மூடிக்கொண்டு காய்ச்சுவாள். இன்று கண்ணைத் திறந்துகொண்டே கோட்டைவிட்டாள்.

"அக்கா, பாலு!" என்று ஓடிவந்தான் தம்பி செழியன். "இன்னாக்கா, தூங்கறியா?"

"இல்லடா. ஏதோ யோசனை."

"யோசிக்க வேண்டியவன் நானு. நீ ஏன் டென்ஷனாவற?" என்று சிரித்துக்கொண்டே துணியை எடுத்து அவனே துடைத்தான். அவன் சிரிக்கச் சிரிக்க, இவள் அவன் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

போன வாரம் வரை கூடவே வந்தவர்களுக்கு அவள் யோசனையின் காரணம் தெரியும். இன்றைக்குத்தான் வண்டியில் ஏறியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

செழியன் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். பெயர் லிவியா. பிரேசில்காரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆசிரமத்துக்கு வந்தவள், இவன் கடை காபிக்கு வாடிக்கையாகி, பிறகு இவனுக்கே வாடிக்கையாகிப் போனாள். ஊர் திரும்பியும் விடவில்லை. அவள் 'அக்கா', 'சாப்டாச்சா' என்று தமிழ் பழகினாள். இவன் போர்த்துக்கீசியம் பழகினான். இரவெல்லாம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அவன் புலம்பியதைக் கேட்டு, பிள்ளைக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று அம்மா தனம் மந்திரிக்கக் கூட்டிப்போகப் பார்த்தாள்.

அந்த லிவியா செவ்வாய்க்கிழமை காலை சென்னையில் வந்து இறங்குகிறாள். இந்தத் தடவை வருவது ஊர் பார்க்க அல்ல, இந்த வீட்டுக்கு.

பிள்ளையின் பிடிவாதத்துக்கு முன்னால் தனம் மாசக்கணக்கில் முறுக்கிக்கொண்டு, போன வாரம்தான் இறங்கிவந்தாள். "சரி, வரட்டும். ஆரத்தி நானே எடுக்கறேன்" என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை. செவ்வாய்க்கிழமை, நவமி வேறு. அன்றைக்கு மருமகளாக வரப்போகிறவள் வாசல்படி மிதிக்கக் கூடாது. புதன்கிழமை தசமி, நல்ல நாள். "உன் தம்பிகிட்ட நீயே பக்குவமா சொல்லுடி" என்று தென்றலிடம் ஒப்படைத்தாள்.

தென்றல் தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் குதிப்பான். அவன் குதித்தால் அம்மா திரும்ப முறுக்கிக்கொள்வாள். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நின்று இவளுக்குக் கால் ஓய்ந்துபோயிருந்தது.

அதனால், பால் வாங்க அவன் வெளியே போன பத்து நிமிஷத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்த அவன் போனை எடுத்தாள்.

*

அவர்களுடையது என்ன ஏற்பாடு என்று தென்றலுக்கு நன்றாகவே தெரியும். செழியன் அவளிடம் எதையும் மறைத்ததில்லை.

நமக்குக் காலை ஆறரை என்றால் அவர்களுக்கு முந்தின நாள் இரவு பத்து. லிவியா படுக்கப் போகும் நேரம், இவன் எழுந்து கடை திறக்கும் நேரம். அந்த நேரத்தில் இவன் ஒரு எண் அனுப்புவான். சந்திக்க இன்னும் எத்தனை நாள் என்கிற எண். அவளுக்கு இன்னும் சனிக்கிழமை முடியாது, இவனுக்கு ஞாயிறு பிறந்திருக்கும். யார் தேதியை வைத்து எண்ணுவது என்று முதலில் சண்டைகூட வந்ததாம். சந்திக்கப்போவது இந்தியாவில், அதனால் இந்தியத் தேதிதான் என்று தீர்ப்பானது.

எண்ணோடு ஒரு சின்ன விஷயமும் சேர்ந்து வரும். பத்து என்றால், "மாடி ரூமுக்கு வெள்ளை அடிச்சாச்சு." ஏழு என்றால், "உன் செருப்பு இன்னும் இங்கதான் கிடக்கு." சனிக்கிழமை இப்படி எழுதியிருந்தான்:

*Faltam 3 dias, meu amor. Já comprei o seu café. Bom dia daqui, boa noite aí.*

இன்னும் மூணு நாள்தான், கண்ணே. உன் காபித்தூள் வாங்கிட்டேன். இங்கேர்ந்து காலை வணக்கம், அங்கே உனக்கு இரவு வணக்கம்.

இன்று காலை இரண்டு என்று அனுப்பிவிட்டுத்தான் அவன் பாலுக்குப் போயிருந்தான்.

தென்றலுக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சனிக்கிழமை அனுப்பிய செய்தியை அப்படியே நகலெடுத்து, இரண்டுக்குக் கீழே மறுபடி ஒட்டினாள். திரும்பவும் மூன்று! அதற்குக் கீழே, மொழிபெயர்க்கும் செயலியில் தமிழில் பேசி, அது கொடுத்த வரியைச் சேர்த்தாள்: *Vem na quarta, por favor. Só mais um dia.* புதன்கிழமை வா, தயவுசெய்து. ஒரே ஒரு நாள் கூடுதல்.

அனுப்பிய நிமிஷமே இரண்டு டிக்கும் நீலமானது. லிவியா படித்துவிட்டாள். படித்துவிட்ட பிறகு எல்லாருக்குமாக அழித்து என்ன பிரயோசனம்? தம்பி கண்ணில் படாமல் இருக்க, அவன் போனிலிருந்து மட்டும் அழித்தாள். லிவியா போனில் அது பத்திரமாக இருக்கும்.

விமானத்தை அடுத்த நாளைக்கு மாற்றிக்கொள்வாள், அவ்வளவுதானே என்று நினைத்தாள். செங்கம் பஸ் போனால் அடுத்த பஸ் வருகிற மாதிரி! கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பால் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

*

"குட் நைட் வரலக்கா" என்றான் செழியன், பதினோரு மணிக்கு.

"தூங்கிட்டிருப்பா."

"படுக்கறதுக்கு முன்னாடி ஒரு 'boa noite' வந்துடும். மூணு வருஷத்துல ஒரு நாளும் தப்பினதில்ல. படிச்சிருக்கா, நீல டிக்கு இருக்கு. பதில் இல்ல."

"பெட்டி கட்டற அலுப்பா இருக்கும். விடேன்."

அவன் விட்டுவிட்டான். அக்கா சொன்னால் கேட்டுக்கொள்கிற பிள்ளை. அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

வெளியே மேசையில் நாலு வெள்ளைக்காரர்கள் தோசைக்காகக் காத்திருந்தார்கள். தென்றல் மாவைக் கல்லில் ஊற்றினாள். செழியன் பக்கத்தில் நின்று சட்னியைக் கிண்ணங்களில் வைத்துக்கொண்டே, தானாகப் பேசினான். சந்தோஷமும் பயமும் ஜாஸ்தியானால் அவனுக்கு வாய் ஓயாது.

"மொத தடவை டிக்கெட் போட்டப்போ இருபதிலேர்ந்து எண்ணினோம் இல்லக்கா? அஞ்சுல வந்து நின்னப்போ அப்பா போயிட்டாரு. வராதேனு எப்படிச் சொல்றது? 'இன்னும் கொஞ்ச நாள் கூட'னு எழுதினேன். ரெண்டாவது தடவை எட்டுல நிக்கறப்போ விசா வரல. எட்டு நாப்பதாச்சு. அன்னிக்கு அவ போன்ல அழுத அழுகை..."

"தெரியுமேடா."

"அது தெரியும். அப்புறம் அவ சொன்னது உனக்குத் தெரியாது." கிண்ணத்தைக் கீழே வைத்தான். "எண்ணு இறங்கலாம், இல்ல நிக்கலாம். ஆனா இனிமே ஏறக் கூடாது. இன்னொரு தடவை ஏறிச்சுன்னா, உனக்கு என்னை வேணாம், அதை நேரா சொல்ல மனசு வரலனு புரிஞ்சுக்குவேன்னா. அதான் எங்க சட்டம். அதனாலதான் இந்தத் தடவை எல்லாம் கையில வந்தப்புறம்தான் எண்ணவே ஆரம்பிச்சேன்."

தோசை தீய்ந்தது.

தென்றல் அதைச் சுரண்டி எடுத்தாள். கரண்டி கல்லில் பட்டு டக் டக்கென்று சத்தம் போட்டது.

அடப்பாவி மனமே! ஒரு நாள்தான் என்று இவள் நினைத்தாள். அங்கே ஒருத்தி அதை மூன்றாவது தடவையாக வாசித்திருக்கிறாள். அதுவும் யார் வார்த்தையில்? அவனுடைய வார்த்தையிலேயே. அந்தக் காபித்தூள்கூட அதிலே இருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றான். 'டேய், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்' என்று நாலு வார்த்தை. அங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும், விடியட்டும், அவளே டிக்கெட் மாத்திட்டேன்னு எழுதிடுவா, எல்லாம் சரியாப்போகும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த தோசையை ஊற்றினாள்.

*

மத்தியானம் தனம் கடைத்தெருவிலிருந்து வந்தாள். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தென்றலிடம் காட்டினாள். சிவப்புக் கண்ணாடி வளையல் இரண்டு டஜன். "அவ கை பெருசா இருக்குமோ என்னமோ, ரெண்டு சைஸுல வாங்கினேன்." ஆரத்திக்கு மஞ்சள், சுண்ணாம்பு. ஒரு பூப்போட்ட துண்டு.

"ஏண்டி, அந்தப் பொண்ணு காரம் கம்மியாத்தான் சாப்பிடும் இல்ல?"

"ஆமாம்மா."

"போன மாசம் அவ எழுதினதை அந்தப் போனு தமிழ்ல படிச்சுதே, 'ஏக்கத்தைக் கொல்லப் போறேன்'னு, நான் பயந்தே போயிட்டேன். கொல்ல வராளேனு! பாத்து ஏக்கத்தைத் தீத்துக்கறதைத்தான் அவங்க ஊர்ல அப்படிச் சொல்லுவாங்கனு இவன் சொன்னப்புறம்தான் உசுரு வந்தது." தனம் சிரித்தாள். இந்த விஷயத்தில் அம்மா சிரித்துத் தென்றல் பார்த்ததே இல்லை. "தம்பிகிட்ட புதன்கிழமைனு சொல்லிட்டியா? இன்னா சொன்னான்?"

"சொல்லிட்டேன்" என்றாள் தென்றல்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று! அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

வளையலை எடுத்து வைக்கும் சாக்கில், கடையோடு ஒட்டிய வீட்டு மாடிக்குப் போனாள். கல்யாணமாகியும் பிறந்த வீட்டு மாடியிலேயே குடித்தனம். புருஷன் குமரேசன் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் டிரைவர். ஞாயிறு என்பதால் தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியே சந்து தெரிந்தது. எதிர்வீட்டில் 'ரூம் கிடைக்கும்' போர்டு. அதற்குப் பக்கத்து வீட்டில் ஒன்று. தெரு நெடுக அதே போர்டு. எத்தனை ரூம்!

செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு ராத்திரி அவளை எதிர்வீட்டில் தங்க வைத்து, புதன்கிழமை காலையில் இந்த வாசலுக்குக் கூட்டிவந்திருந்தால் தீர்ந்தது கதை. அம்மாவும் ஒத்துக்கொண்டிருப்பாள். இது ஏன் தோன்றவில்லை? அந்த போர்டுகளைத் தினம் பார்க்கிறவளுக்கு ஏன் தோன்றவில்லை?

தோன்ற வேண்டாம் என்று இருந்தாளோ? அந்தக் கேள்விக்கு வந்ததும் தென்றல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பல் முளைத்த கதையிலிருந்து காதல் வந்த கதை வரை அவன் முதலில் வந்து சொன்னது அக்காவிடம்தான். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவன் முதலில் வேறொருத்தியிடம் சொல்வான். ஒரு நாள் தள்ளட்டுமே என்று மனசின் எந்த மூலையோ ஆசைப்பட்டிருக்கிறது. அம்மாவுக்காகத்தான் செய்தேன் என்று இனிமேல் முழுசாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

அவள் அழுதாள். குமரேசன் எழுந்துகொள்ளக் கூடாதென்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

*

மூன்றரை ஆனது. அங்கே காலை ஏழு. லிவியாவின் 'bom dia' வர வேண்டிய நேரம். வரவில்லை.

நாலு மணி. செழியன் கல்லாவை விட்டு நகரவில்லை. யாரோ காபி கேட்டார்கள். காதிலேயே விழவில்லை.

நாலரைக்குப் போன் மினுங்கியது. அவன் பாய்ந்து எடுத்தான். படித்தான். மறுபடி படித்தான். முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைத் தென்றல் அடுப்படியிலிருந்தே பார்த்தாள்.

"என்னடா?"

அவன் போனை நீட்டினான். *Entendi. Não precisa contar mais.*

"இன்னா அர்த்தம்?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய தேவையே இல்லை, அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"'புரிஞ்சுது. இனிமே எண்ண வேணாம்.'" அவன் திரையை மேலே தள்ளிக் காட்டினான். "என்ன புரிஞ்சுதுக்கா அவளுக்கு? நான் ரெண்டுனுதானே அனுப்பினேன்? இதோ பாரு, ரெண்டுதானே இருக்கு?"

கூப்பிட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை. "சாயந்தரம் அவ வீட்டை விட்டுக் கிளம்பணும்க்கா. இப்போ அங்க காலையில எட்டு. என்ன ஆச்சுன்னே தெரியலயே" என்று போனைப் பார்த்துப் பேசினான்.

தென்றல் அடுப்பை அணைத்தாள்.

"செழியா. நான்தாண்டா."

"என்ன நான்தான்?"

"காலையில நீ பாலுக்குப் போனப்போ உன் போன்லேர்ந்து நான் அனுப்பினேன். நேத்து போட்ட மூணை எடுத்துத் திரும்பப் போட்டேன். புதன்கிழமை வானு எழுதினேன். நீ பாக்காம இருக்க அழிச்சிட்டேன்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அவன் கத்தவில்லை. போனைக் கல்லா மேல் வைத்தான்.

"பதினோரு மணிக்கு நான் சொன்னேனே," என்றான் மெதுவாக. "ஏறக் கூடாதுனு. அப்பவே சொல்லியிருந்தா அவ முழிச்சிருந்திருப்பா. ராத்திரி பூரா அழ வேண்டியதில்ல. தோசை ஊத்திக்கிட்டிருந்தியேக்கா."

தென்றல் தோசைக்கல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏன்?"

"செவ்வாக்கிழமை ஆவாதுனு அம்மா..."

"நான் இவன்கிட்ட சொல்லுனு சொன்னேன்!" பின்வாசலில் தனம் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. கையில் அந்தப் பூப்போட்ட துண்டு. "போனைத் தொடுனு சொன்னேனாடி? மத்தியானம் கேட்டேனே, சொல்லிட்டேன்னியே! நாள் பாக்கறவ நானு. பழி என்மேல வரட்டும், பரவால்ல. நீ ஏண்டி திருட்டுத்தனமா பண்ணின?"

"அம்மாவுக்காக மட்டும் பண்ணலடா" என்றாள் தென்றல், தம்பியைப் பார்த்து. எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். "நீ என்னை விட்டுப் போயிடுவியோனு இருந்தது. அதுவும் சேந்துதான்."

செழியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "என் வார்த்தையையே எடுத்து அவளை அடிச்சிட்டியேக்கா" என்றான்.

பிறகு போனை எடுத்துப் பேசிப் பதிவு செய்ய ஆரம்பித்தான். போர்த்துக்கீசியத்தில் பேசினான். தென்றலுக்குப் புரிந்தது 'அக்கா' என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லை அவன் கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் வலித்தது.

முடித்ததும் தென்றல் கை நீட்டினாள். "நானும் பேசறேன்."

அவன் போனைக் கொடுக்கவில்லை. தானே பிடித்துக்கொண்டு அவள் வாய்க்கு நேராக நீட்டினான்.

"லிவியா... அக்கா பேசறேன். அது அவன் எழுதல. நான் எழுதினேன். தப்பு என்னோடது. எண்ணு ஏறல. ரெண்டுதான்."

தனம் முன்னால் வந்தாள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போனை மைக் மாதிரி பார்த்து, ஊர்க்கூட்டத்தில் பேசுகிற சத்தத்தில் சொன்னாள்: "யம்மா, தனம் பேசறேன். நவமியா இருந்தா இருக்கட்டும். செவ்வாக்கிழமையே வா. வாசல்ல நான் நிக்கறேன்."

செழியனுக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.

மூன்று குரலும் போய்ச் சேர்ந்ததற்கு இரண்டிரண்டு டிக் விழுந்தது. சாம்பல் நிறத்தில். கேட்டால் பக்கத்தில் இருக்கும் மைக் படம் நீலமாகும். ஆறு மணி வரை பார்த்தார்கள். எட்டு மணி வரை பார்த்தார்கள். நீலமாகவில்லை. கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

*

திங்கட்கிழமை காலை தென்றல் இறங்கி வந்தபோது பால் ஏற்கெனவே காய்ந்திருந்தது. செழியனே காய்ச்சி, தனக்குக் காபி போட்டுக் குடித்து, தம்ளரையும் கழுவிக் கவிழ்த்திருந்தான்.

கடிகாரத்தில் ஆறரை. அவன் போனில் தட்டிக்கொண்டிருந்தான்.

"அனுப்பறியா?" என்று பயந்து பயந்து கேட்டாள்.

அவன் திருப்பிக் காட்டினான். *Falta 1 dia. Eu continuo contando.*

"'இன்னும் ஒரு நாள். நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்'" என்றான்.

அதற்குக் கீழே ஒரே ஒரு டிக். நேற்றெல்லாம் இரண்டு விழுந்த இடத்தில் இன்று ஒன்று.

"ஒண்ணுன்னா?"

"போய்ச் சேரலனு அர்த்தம். அவ விமானம் கிளம்பி ஒன்றரை மணி நேரமாவுது. ஏறியிருந்தா போன் ஆஃப்ல இருக்கும், ஒரு டிக்குதான் வரும்." போனை மேடையில் கவிழ்த்து வைத்தான். "வீட்டுலயே இருந்துக்கிட்டு என்னை பிளாக் பண்ணியிருந்தாலும் ஒரு டிக்குதான் வரும்."

பால் வாங்கும் தூக்கை எடுத்தான். தினமும் கல்லா பக்கத்தில் சார்ஜில் விட்டுப்போகிற போனை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தென்றல் அதைப் பார்த்தாள். பார்த்தாள் என்று அவனுக்கும் தெரியும்.

வாசல்வரை போனவன் நின்றான். திரும்பாமலே பேசினான்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு குமரேசன் மாமா வண்டி எடுக்கறாரு, ஏர்போர்ட்டுக்கு. நீயும் கிளம்பு."

"நானா? நான் எதுக்குடா? நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு..."

"அவ வெளிய வந்தா மன்னிப்பு கேக்க நீ வேணும்" என்றான். "அவ வரலன்னா, கூட நிக்கறதுக்கு எனக்கு வேற யாருக்கா இருக்கா?"